உப்புப் பொட்டலத்தில் ஒரு தேதி

“நான் சாப்பாட்டுல தனியா உப்பே போட்டுக்கிறதில்லையே டாக்டர்!”

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, “உப்பைக் கொஞ்சம் குறைங்க” என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. இலை ஓரத்தில் உப்பு வைத்துச் சாப்பிடுவதெல்லாம் இப்போது விருந்துகளோடு சரி. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியும் கிடையாது. ஊறுகாயைக்கூட விட்டுவிட்டதாகச் சொல்வார். அப்புறம் எங்கிருந்து வருகிறது உப்பு?

அடுப்படியிலிருந்து. மேலைநாடுகளில் ஒருவர் உண்ணும் உப்பில் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி, டின் சூப் போன்ற கடைச் சரக்கிலிருந்து வருகிறது. அதனால் அங்கே உள்ளவர்களுக்குச் சொல்லப்படும் முதல் யோசனை, பாக்கெட்டைத் திருப்பிப் பார் என்பது. நம் கதை வேறு. நாம் உண்ணும் உப்பில் பெரும்பங்கு சமைக்கும்போது நம் கையாலேயே போடப்படுகிறது. இட்லி மாவில் ஒரு தரம், சட்னியில் ஒரு தரம், சோறு வடிக்கும்போது ஒரு தரம், குழம்பில், ரசத்தில், பொரியலில், மோரில் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விழுகிறது. ஒவ்வொன்றும் நாக்குக்குச் சரியாகத்தான் இருக்கும். எல்லாம் ஒரே வயிற்றில் போய்ச் சேர்வதுதான் சிக்கல். ஆகவே நாம் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது பிஸ்கட் பாக்கெட்டை அல்ல, உப்புப் பொட்டலத்தை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அதே 5 கிராமைத்தான் சொல்கிறது. தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. இதில் வீட்டுச் சமையல், ஊறுகாய், டீக்கடை வடை, பிஸ்கட் எல்லாம் அடக்கம்.

உப்பு கூடினால் அழுத்தம் ஏன் ஏறுகிறது என்பதையும் இரண்டு வரியில் பார்த்துவிடலாம். உப்பில் உள்ள சோடியம் ரத்தத்தில் கூடும்போது, அதை நீர்க்கச் செய்ய உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. சிறுநீரகம் அந்தச் சோடியத்தை வெளியே தள்ளத் தள்ளச் சமநிலை திரும்பும். வயது ஏறும்போதும், சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கும்போதும் அந்தத் தள்ளும் வேலை மந்தமாகிறது. தங்கிய நீரால் குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. நாளடைவில் குழாய்களின் சுவர்களும் இறுகிப்போகின்றன. இதே உப்பு எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஒருவருக்கு நன்றாக ஏற்றும், இன்னொருவருக்கு அவ்வளவாக ஏற்றாது. ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பலர் முதல் வகையில்தான் இருக்கிறார்கள்.

சரி, பொட்டலத்துக்கு வருவோம். அடுத்த முறை ஒரு கிலோ உப்பைப் பிரிக்கும்போது, அதன் மேல் பேனாவால் அன்றைய தேதியை எழுதிவையுங்கள். தீர்ந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் மாங்காய் ஊறுகாய் போட்டிருந்தால், மீன் கழுவ உப்பை அள்ளியிருந்தால், அவற்றைத் தனிப் பொட்டலத்திலிருந்து எடுங்கள். இல்லையென்றால் கணக்கு கெட்டுவிடும்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, கல்லூரிக்குப் போகும் மகன், பாட்டி என நாலு பேர். மூன்றாம் தேதி பிரித்த ஒரு கிலோ பொட்டலம் இருபத்தெட்டாம் தேதி தீர்ந்துவிட்டது. இருபத்தைந்து நாளுக்கு 1000 கிராம் என்றால் நாளுக்கு 40 கிராம். தலைக்கு 10 கிராம். எல்லையைப் போல இரண்டு மடங்கு. இன்னும் ஊறுகாயும் அப்பளமும் வெளித் தீனியும் கணக்கில் வரவே இல்லை.

இந்த 40 கிராம், தலை தட்டிய தேக்கரண்டியில் ஏறத்தாழ ஏழு. இங்கே தேக்கரண்டி என்பது 5 மில்லி அளவுக் கரண்டி, பொடி உப்பை நிரப்பிக் கத்தியால் மேலே வழித்த அளவு. கல்லுப்பைக் கையால் அள்ளிப் போடும் வீடுகளில் முதல் வேலையே கரண்டிக்கு மாறுவதுதான். அம்மாவின் கை ஒரு அளவு, மருமகளின் கை இன்னொரு அளவு. “கண்ணளவே எனக்குப் போதும்” என்கிறவர்கள் ஒரு வாரம் கண்ணளவாகப் போடுவதைக் கரண்டியில் கொட்டி அளந்து பார்த்தால் போதும், பேச்சு மாறிவிடும்.

அந்த ஏழு கரண்டியும் நாள் முழுக்க எங்கெங்கே போகிறது? ஒரு கிலோ அரிசிக்கு அரைத்த இட்லி மாவில் நாலரைக் கரண்டி உப்பு போடுகிறார்கள். அது மூன்று நாளுக்கு வருகிறது. ஆக நாளுக்கு ஒன்றரை. காலைச் சட்னிக்கும் சாம்பாருக்குமாக ஒன்று. சோறு வடிக்கையில் அரை. மதியக் குழம்புக்கு ஒன்றரை. ரசத்துக்கு ஒன்று. பொரியலுக்கும் மோருக்குமாக ஒன்று. ராத்திரி தோசைக்கு வைக்கும் சட்னிக்கு அரை. கூட்டினால் ஏழு.

இப்படி எழுதிப் பார்த்தால்தான் எங்கே கை வைக்கலாம் என்பது தெரியும். மாவில் தொடங்கலாம், அங்கேதான் நாக்குக்குத் தெரியாமல் நிறையக் குறைக்க முடியும். இட்லியை யாரும் வெறுமனே தின்பதில்லை. சாம்பாரில் முக்கித்தான் தின்கிறோம். சாம்பாரில் உப்பு இருக்கிறது. மாவு உப்பைப் பாதியாக்கினால் இட்லியைத் தனியாக விண்டு வாயில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். “உப்பு போட்டாத்தானே மாவு பொங்கும்” என்று பாட்டி சொல்வார். மாவைப் பொங்க வைப்பது உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகள். அவற்றுக்கு உப்பு தேவையில்லை. சொல்லப்போனால் உப்பு அவற்றின் வேகத்தைக் கொஞ்சம் அடக்கிவைக்கிறது. அதனால் உப்பைக் குறைத்த மாவு வெயில் காலத்தில் சீக்கிரம் புளிக்கும். பொங்கி எழுந்ததும் நேரம் கடத்தாமல் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் உப்பைக் குறைத்துவிட்டு, மாவு புளித்ததும் பழைய அளவுக்கே திரும்பிப் போன வீடுகள் உண்டு.

அடுத்தது சோறு. குழம்பில் பிசையப்போகும் சோற்றுக்குத் தனியாக உப்பு எதற்கு? அந்த அரைக் கரண்டியை முழுசாக விட்டுவிடலாம். குழம்பு உப்புக் குறைவாக இருந்து சோறும் உப்பில்லாமல் இருந்தால் சப்பென்று இருக்குமே என்றால், இரண்டையும் ஒரே வாரத்தில் குறைக்காமல் இருந்தால் போதும்.

குழம்பிலும் ரசத்திலும் எவ்வளவு போடுகிறோம் என்பதைப் போலவே எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். வத்தக்குழம்பு கொதித்துச் சுண்டும் சமாசாரம். தொடக்கத்தில் சரியாக இருந்த உப்பு, முக்கால் பங்காகச் சுண்டியதும் கரிக்கிறது. மிஞ்சியதை ராத்திரி மறுபடி சுட வைத்தால் இன்னும் கரிக்கும். ஆகவே சுண்டி முடிந்த பிறகு, இறக்கப்போகும் நேரத்தில் பாதி அளவு போட்டு ருசி பாருங்கள். உப்பு விட்ட இடத்தைப் புளி ஓரளவு நிரப்பும். புளிப்பும் காரமும் தூக்கலாக இருக்கும் பதார்த்தத்தில் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. உப்பைக் குறைத்துப் பழக மிளகு ரசத்தைவிட நல்ல இடம் கிடையாது. தட்டிய மிளகும் சீரகமும் தக்காளியின் புளிப்பும் இருந்தால், ஒரு கரண்டி உப்பு போட்ட இடத்தில் அரைக் கரண்டி தாராளம். பருப்பும் தேங்காயுமாகச் செய்யும் கூட்டுதான் கஷ்டம், சாதுவான பண்டம் அது. அதில் கடைசியாகக் கை வைத்தால் போதும். இறக்கியதும் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுப் பார்க்கலாம்.

பொரியலுக்கு உப்பைக் காய் வெந்த பின் தூவ வேண்டும். முதலிலேயே போட்டால் காயின் உள்ளே போய்விடும். கடைசியில் தூவினால் மேலேயே நிற்கும், நாக்கு முதலில் தொடுவதும் அதைத்தான், அதனால் குறைந்த உப்பே எடுப்பாகத் தெரியும். கீரைக்கு இது இன்னும் பொருந்தும். வாணலி நிறைய இருக்கும் கீரையைப் பார்த்து உப்பு போட்டவர்கள், அது ஒரு பிடியாக வதங்கியதும் வாயில் வைக்க முடியாமல் தவித்திருப்பார்கள். மோருக்கு இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போதும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். மாவுக்கு முக்கால், காலைச் சட்னி சாம்பாருக்கு அரை, குழம்புக்கு முக்கால், ரசத்துக்கு அரை, பொரியலுக்குக் கால், ராத்திரிச் சட்னிக்குக் கால். மொத்தம் மூன்று கரண்டி. தலைக்கு நாலு கிராமுக்குச் சற்று மேல். வெளியில் தின்பதற்குக் கொஞ்சம் இடமும் மிஞ்சுகிறது. பொட்டலம் இருபத்தைந்து நாளுக்குப் பதில் இரண்டு மாதம் ஓட வேண்டும். குறைத்தோமா இல்லையா என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

ஆனால் ஏழிலிருந்து மூன்றுக்கு ஒரே நாளில் இறங்கினால் வீடு ரெண்டுபடும். மகன் தட்டைத் தள்ளிவிடுவான், கணவர் ரகசியமாக ஊறுகாய் ஜாடியைத் திறப்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு கரண்டி என்று இறக்குங்கள். தினமும் காலையில் அன்றைய உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டு, ஜாடியை மூடி மேல்தட்டில் ஏற்றிவிட வேண்டும். யார் சமைத்தாலும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மாவு அரைக்கும் நாளில் மட்டும் மாவுக்கான உப்பைத் தனியாக எடுத்துக்கொண்டு, கிண்ணத்தில் அதற்கேற்பக் குறைத்து வையுங்கள். நாக்கு புதிய அளவுக்குப் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். பழகிவிட்டால் பழைய அளவு கரிக்கத் தொடங்கும். ஓட்டல் சாம்பார் உப்பாக இருக்கிறதே என்று தோன்றும் நாள் வந்தால், பழகிவிட்டது என்று அர்த்தம்.

‘அவருக்கு மட்டும் தனியாக’ என்று உப்பில்லாமல் எடுத்துவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது பெரும்பாலும் நிலைப்பதில்லை. சமைக்கிறவருக்கு வேலை கூடுகிறது, சாப்பிடுகிறவருக்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. வீட்டுக்கே ஒரே சமையல் என்று வைத்துக்கொள்வதுதான் ஓடும். வீட்டில் மற்றவர்களுக்கும் 10 கிராம் உப்பு தேவையில்லை.

இனி ஓரத்தில் இருப்பவை. ஊறுகாயின் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் உப்பாகவே இருப்பது சாதாரணம். ஒரு தேக்கரண்டி எலுமிச்சை ஊறுகாயில் ஒரு கிராமோ அதற்கு மேலோ போய்விடும். அதற்காக ஒரேயடியாக விலக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தயிர்சாதத்தில் உப்பே போடாமல் பிசைந்து, ஊறுகாயை அதற்கான உப்பாக வைத்துக்கொள்ளலாம். தயிர்சாதத்திலும் உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், கூடவே மோர்மிளகாய் என்பதுதான் தாங்காது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்ந்திருக்கிறது. அதுவும் சோடியம்தான். கருவாட்டில் உப்பு போடக் கேட்கவே வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது. கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்றைக்குக் குழம்பில் தனியாக உப்பு போடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்துப்பு விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ‘சாதா உப்புதான் கெடுதல், இந்துப்பு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்’ என்று சொல்லிப் பலர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இந்துப்பும் ஏறக்குறைய முழுவதும் அதே சோடியம் குளோரைடுதான். கல்லுப்பும் அப்படியே. நிறமும் விலையும் மாறுகின்றன, சோடியம் மாறுவதில்லை. போதாக்குறைக்கு, அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் தைராய்டு பக்கம் இன்னொரு தொல்லை.

இப்போது கடைப் பாக்கெட்டைத் திருப்புவோம். பின்பக்கம் ஊட்டச்சத்து அட்டவணையில், பெரும்பாலும் கீழ்வரிகளில், சோடியம் என்று மில்லிகிராம் கணக்கில் போட்டிருப்பார்கள். நம் கணக்கு உப்பில், அவர்கள் கணக்கு சோடியத்தில். இரண்டரையால் பெருக்கினால் உப்பாகிவிடும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. நாள் எல்லையான 5 கிராம் உப்பு என்பது 2000 மில்லிகிராம் சோடியம். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

100 கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் எண்ணை வைத்து ஒரே வகைச் சரக்கில் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடலாம். 120 மில்லிகிராமுக்குள் இருந்தால் சோடியம் குறைவு என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. 600-க்கு மேல் போனால் உப்பு அதிகம் என்று பிரிட்டனில் சிவப்பு அடையாளம் போடுவார்கள். நாமும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த எண் மட்டும் நம்மை ஏமாற்றும். ரொட்டியில் 100 கிராமுக்கு 450 மில்லிகிராம் என்று இருந்தால் நடுத்தரம் என்று தோன்றும். காலையில் நாலு துண்டு என்றால் 120 கிராம் வரும். சோடியம் 540 மில்லிகிராம், உப்பு ஒன்றேகால் கிராமுக்கு மேல். ஜாம் தடவித் தின்றவருக்கு உப்பு தின்ற நினைவே இருக்காது. மாறாக, தக்காளி சாஸில் 1000 மில்லிகிராம் என்று இருந்தால் பயமாக இருக்கும். தொட்டுக்கொள்வது 15 கிராம்தான் என்றால் உப்பு அரைக் கிராம்கூட இல்லை. எவ்வளவு தின்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ரத்த அழுத்தக்காரர்கள் அதிகம் வாங்கும் ஓட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஓட்ஸில் சோடியம் மிகச் சொற்பம். அதே ஓட்ஸ் மசாலா சேர்த்த சிறு பாக்கெட்டாக வரும்போது 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் 40 கிராம். சோடியம் 360, உப்பு 0.9 கிராம். வெறும் ஓட்ஸை வாங்கி வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை தாளித்து ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கொண்டால் அதில் கால்வாசிக்குள் முடிந்துவிடும். நூடுல்ஸில் கணக்கு இன்னும் ஏறும். 70 கிராம் பாக்கெட், 100 கிராமுக்கு 1200 மில்லிகிராம் என்றால் ஒரு பாக்கெட்டில் 840 மில்லிகிராம் சோடியம், 2.1 கிராம் உப்பு. நாள் எல்லையில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு மாலை நேரத்தில். உப்பு பெரும்பாலும் மசாலாப் பொட்டணத்தில்தான் இருக்கும். பாதியைத் தூக்கிப் போடலாம்.

‘ஒரு பரிமாறலுக்கு’ என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்க்கும்போது, அந்தப் பரிமாறல் எத்தனை கிராம் என்றும் பாருங்கள். 150 கிராம் மிக்சர் பாக்கெட்டில் பரிமாறல் 30 கிராம் என்று இருக்கும். டிவி முன்னால் உட்கார்ந்து யார் 30 கிராமோடு நிறுத்துகிறார்கள்?

சேர்மானப் பட்டியலும் பேசும். எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடி, பிரியாணி மசாலா, சிக்கன் 65 மசாலா ஆகியவற்றில் உப்பு முன்வரிசையில் இருந்தால், வழக்கம் போல நீங்களும் உப்பு போட்டால் இரட்டை உப்பு. சோடியம் உப்பாகவே வர வேண்டும் என்பதும் இல்லை. ஐ.என்.எஸ். 500 என்றால் ஆப்ப சோடா வகை, 621 என்றால் அஜினமோட்டோ என்று பலரும் சொல்லும் சுவையூட்டி. இனிப்புப் பிஸ்கட்டிலும் சோடியம் இருப்பதற்குச் சோடாவும் ஒரு காரணம். ஏப்பம் வர வேண்டும் என்று தண்ணீரில் நுரைக்க நுரைக்கக் கலக்கிக் குடிக்கிறோமே, அந்தப் பொடியும் சோடா உப்புதான். ஒரு 5 கிராம் பொட்டணத்தில் 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கக்கூடும். உப்புக் கரிக்காது என்பதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீரில் போட்டால் கரைந்து பொங்கும் காய்ச்சல், தலைவலி மாத்திரைகளும் அதே ரகம். வாரத்துக்கு நாலு நாள் இவற்றைக் குடிப்பவர், சமையலில் உப்பைக் குறைத்தும் அழுத்தம் இறங்கவில்லையே என்று குழம்புவார்.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைக்கும் பொடியில், சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். இது வெறும் வியாபாரம் இல்லை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் ஐந்தாண்டு வரை நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அதில் முக்கால் பங்கு சோடியமும் கால் பங்கு பொட்டாசியமும் கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த உப்பு ஆபத்து. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். இன்னொரு பக்கம், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவையும் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் மாத்திரைகள். இவற்றில் ஒன்றைப் போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக் கூடாது. வெறுமனே உப்பின் அளவைக் குறைப்பதில் இந்தப் பயம் இல்லை. அதோடு இந்த வகை மாத்திரைகள் பல, உப்பு குறைந்த சாப்பாட்டோடு சேரும்போது இன்னும் நன்றாக வேலை செய்கின்றன.

இன்னொரு பயம் நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்தது. “எங்கப்பாவுக்குச் சோடியம் குறைஞ்சுபோய் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். உப்பைக் குறைக்கச் சொல்றீங்களே?” கேள்வி நியாயமானது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கினால் குழப்பமும் தள்ளாட்டமும் தூக்கக் கலக்கமும் வரும், வலிப்புகூட வரலாம். ஆனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் சாப்பாட்டில் உப்புக் குறைந்தது அல்ல. உடம்பில் சோடியத்தின் அளவுக்குத் தண்ணீர் கூடிப்போனதுதான். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரைகள், விடாத வாந்தி, பேதி, இதய, சிறுநீரக நோய்கள், சில மனநல மாத்திரைகள் எல்லாம் இதற்கு வழிவகுக்கும். நாளுக்கு 4 அல்லது 5 கிராம் உப்பு என்பது உப்பே இல்லாத சாப்பாடு இல்லை, உடம்புக்குத் தேவையானதைவிட அது அதிகம்தான். இருந்தாலும் ஏற்கெனவே ஒரு தரம் சோடியம் இறங்கியவர்கள், நீர் மாத்திரை போடும் எழுபது தாண்டியவர்கள், பேதியில் கிடப்பவர்கள் தாமாக உப்பில் கை வைக்க வேண்டாம். பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை ‘பிரஷர் இருக்கே’ என்று மறுப்பதும் தவறு. அது அந்த நேரத்துக்கு மருந்து.

கடைசியாக, என்ன எதிர்பார்க்கலாம்? நாளுக்கு நாலு கிராம் அளவுக்கு உப்பைக் குறைத்த ரத்த அழுத்தக்காரர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளி இறங்கியதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. 160-ஐ 120 ஆக்கும் வித்தை இதில் கிடையாது. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உப்பை மட்டும் குறைத்துப் பார்க்கலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். வீட்டில் மீட்டர் இருந்தால் தொடங்குமுன் ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்னும் ராத்திரி படுக்குமுன்னும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். காபி குடித்த கையோடு அளக்காதீர்கள். கிண்ண உப்பு மூன்று கரண்டிக்கு இறங்கி ஒரு மாதம் ஆனதும் இதே போல ஒரு வாரம் அளந்து, இரண்டு வாரங்களின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் எண் ஏறும் இறங்கும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றினால், மேல் அழுத்தம் திரும்பத் திரும்ப 110-க்குக் கீழே வந்தால், அந்த நோட்டையும் உப்புப் பொட்டலக் கணக்கையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று அவர் பார்ப்பார்.